எமிகிரேட்டா, இமிகிரேட்டா? குழப்பும் ஆங்கில இரட்டைகள்

1860 அக்டோபரில் மதராஸ் கடற்கரையிலிருந்து 'ட்ரூரோ' என்ற கப்பல் புறப்பட்டது. தென்னாப்பிரிக்காவின் நேட்டால் கரும்புத் தோட்டங்களில் ஒப்பந்தக் கூலிகளாக உழைக்க 300-க்கும் மேற்பட்டவர்கள் அதில் ஏறியிருந்தார்கள். நவம்பர் 16 அன்று கப்பல் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டுசென்ற முதல் கப்பல் அதுதான்.

அப்படிப் போனவர்களை இரு கரைகளிலும் அதிகாரிகள் ஏடுகளில் பதிந்தார்கள். மதராஸ் ஏடுகளில் அவர்களுக்கு 'எமிகிரன்ட்ஸ்' என்று பெயர். அவர்களுக்காக இங்கே இருந்த அதிகாரியின் பதவி 'ப்ரொடெக்டர் ஆஃப் எமிகிரன்ட்ஸ்'. நேட்டாலில் பின்னாளில் ஏற்படுத்தப்பட்ட பதவியோ 'ப்ரொடெக்டர் ஆஃப் இந்தியன் இமிகிரன்ட்ஸ்'. மொரீஷியஸிலும் அப்படித்தான். இந்தியாவில் அவர்கள் 'எமிகிரேஷன் டெப்போ'வில் காத்திருந்து கப்பல் ஏறினார்கள். போர்ட் லூயி துறைமுகத்தில் இறங்கியதும் அவர்களை அடைத்துவைத்த கட்டடத்தின் பெயர் 'இமிகிரேஷன் டெப்போ'. அந்தக் கட்டடம் இன்று 'ஆப்ரவாசி காட்' என்ற பெயரில் நிற்கிறது. 2006-இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னங்களில் சேர்த்தது.

ஆள் மாறவில்லை, பயணமும் மாறவில்லை. ஏட்டை எழுதியவர் எந்தக் கரையில் உட்கார்ந்திருந்தார் என்பதுதான் மாறியது. எமிகிரேட், இமிகிரேட் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு முழுவதும் இதற்குள் அடங்கிவிடுகிறது.

ஆங்கிலத்தில் இப்படி ஒன்றுக்கொன்று உருவத்தில் நெருங்கிய இரட்டைச் சொற்கள் ஏராளம். பள்ளிக்கூடத்தில் அவற்றைப் பட்டியலாக மனப்பாடம் செய்கிறோம், தேர்வு முடிந்ததும் எது எது என்று மறந்துபோகிறோம். பட்டியலாகப் படிக்கத் தேவையில்லை என்பதே என் எண்ணம். இந்த இரட்டைகளில் பல, இரண்டே கேள்விகளுக்குள் அடங்கிவிடும். சொல்பவர் எங்கே நிற்கிறார் என்பது முதல் கேள்வி. ஒரு பொருளின் வகையைச் சொல்கிறோமா, அதன் தரத்தைச் சொல்கிறோமா என்பது இரண்டாவது.

போனவரும் வந்தவரும்

'எமிகிரேட்' என்றால் குடியிருந்த நாட்டை விட்டு வேறொரு நாட்டில் வாழப் போவது. 'இமிகிரேட்' என்றால் வேறொரு நாட்டிலிருந்து வந்து ஒரு நாட்டில் குடியேறுவது. தமிழில் 'போனான்', 'வந்தான்' என்ற சொற்களில் பேசுபவர் நிற்கும் இடம் தானாகவே தெரிந்துவிடும். இந்த ஆங்கிலச் சொற்களும் அதே வேலையைத்தான் செய்கின்றன.

1983-க்குப் பின் இலங்கையிலிருந்து ஏராளமான தமிழர்கள் கனடாவுக்குப் போனார்கள். யாழ்ப்பாணத்து வரலாற்றை எழுதுபவர் இப்படி எழுதுவார்:

"மெனி தமிழ்ஸ் எமிகிரேட்டட் ஃப்ரம் ஸ்ரீலங்கா ஆஃப்டர் 1983."

டொரன்டோ நகரின் வரலாற்றை எழுதுபவர் அதே மக்களைப் பற்றி இப்படி எழுதுவார்:

"மெனி தமிழ்ஸ் இமிகிரேட்டட் டு கனடா ஆஃப்டர் 1983."

இலக்கண வகுப்புகளில் ஒரு குறுக்குவழி சொல்லித்தருவார்கள்: எமிகிரேட் வந்தால் 'ஃப்ரம்', இமிகிரேட் வந்தால் 'டு'. பெரும்பாலும் இது கைகொடுக்கும். ஆனால் இதையே சட்டமாக எடுத்துக்கொண்டால், சரியாக எழுதியதையும் தவறென்று அடித்துவிடுவோம். "ஹெர் பேரன்ட்ஸ் எமிகிரேட்டட் டு கனடா" என்பது பிழையற்ற ஆங்கிலம். புறப்பட்டுப் போனவர் போய்ச் சேர்ந்த இடத்தைச் சொல்லக் கூடாது என்று விதி எதுவும் கிடையாது. "தே எமிகிரேட்டட் ஃப்ரம் ஸ்ரீலங்கா டு கனடா" என்று இரண்டு இடங்களையும் ஒரே வாக்கியத்தில் வைக்கலாம். ஆகவே பக்கத்தில் நிற்கும் சிறுசொல்லைப் பார்த்துத் தீர்மானிக்காதீர்கள், கதை எந்தக் கரையிலிருந்து சொல்லப்படுகிறது என்று பாருங்கள். பெற்றோர் ஊரைவிட்டுப் போன கதை என்றால் எமிகிரேட். கனடாவுக்கு மக்கள் வந்து சேர்ந்த கதை என்றால் இமிகிரேட்.

மூன்றாவதாக 'மைக்ரேட்' என்று ஒரு பொதுச்சொல் உண்டு. அது எந்தக் கரையிலும் நிற்காது. நாட்டின் எல்லையைத் தாண்ட வேண்டும், நிரந்தரமாகத் தங்க வேண்டும் என்ற கட்டாயமும் அதற்கு இல்லை. "பேர்ட்ஸ் மைக்ரேட் டு வேடந்தாங்கல் எவ்ரி விண்டர்" என்று பறவைகளுக்குச் சொல்லலாம். பீகாரிலிருந்து திருப்பூருக்கு வேலைக்கு வருபவர் 'மைக்ரன்ட் ஒர்க்கர்'. நாட்டு எல்லையைத் தாண்டாததால் அவரை எமிகிரன்ட் என்றோ இமிகிரன்ட் என்றோ சொல்வதில்லை.

விமான நிலையத்தில் ஒரு சந்தேகம்

சென்னை விமான நிலையத்திலிருந்து வெளிநாடு போகிறவர் மனத்தில் ஒரு கேள்வி எழுவது இயல்பு. நாட்டைவிட்டு வெளியேறும்போதும் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தும் இடத்துக்கு 'இமிகிரேஷன்' என்றுதானே பெயர்? போகிறவருக்கு எமிகிரேஷன் என்றல்லவா இருக்க வேண்டும்?

அங்கே நிற்பது 'பீரோ ஆஃப் இமிகிரேஷன்' என்ற அமைப்பு. உள்துறை அமைச்சகத்தின் கீழ் வருவது. வருகிறவர், போகிறவர் இரு சாராரையும் சோதிக்கும் பொறுப்பு அதற்கு இருந்தாலும், நாட்டுக்குள் நுழைவதைக் கண்காணிக்கும் வேலையின் பெயரே அமைப்புக்கு நிலைத்துவிட்டது. அது ஓர் அலுவலகத்தின் பெயர். அந்தக் கவுன்ட்டரைக் கடந்து போவதால் நீங்கள் இமிகிரன்ட் ஆகிவிடுவதில்லை.

எமிகிரேஷனுக்கு வேறு அலுவலகம் இருக்கிறது. 'ப்ரொடெக்டர் ஆஃப் எமிகிரன்ட்ஸ்' என்ற அந்தப் பழைய பதவி இன்றும் உயிரோடு இருக்கிறது, வெளியுறவு அமைச்சகத்தின் கீழ். வெளிநாட்டு வேலைக்குப் போகும் தொழிலாளர்களைக் காப்பதற்கான 1983-ஆம் ஆண்டின் எமிகிரேஷன் சட்டப்படி அது இயங்குகிறது. பத்தாம் வகுப்புத் தேறாதவர்களின் பாஸ்போர்ட் பொதுவாக 'எமிகிரேஷன் செக் ரிக்வயர்டு' என்ற பிரிவில் வரும். அவர்கள் குறிப்பிட்ட சில நாடுகளுக்கு வேலைக்குப் போகுமுன் 'எமிகிரேஷன் கிளியரன்ஸ்' வாங்க வேண்டும். இங்கே இமிகிரேஷன் என்று எழுதினால் படிவம் வேறு அமைச்சகத்தின் விஷயமாகிவிடும்.

இதில் கவனிக்க இன்னொன்றும் உண்டு. அகராதிப்படி எமிகிரேட் என்றால் வேறு நாட்டில் வாழப் போவது. இந்தியச் சட்டத்திலோ அதன் பொருள், வேலை பார்க்கும் நோக்கத்தோடு நாட்டைவிட்டுப் போவது. இரண்டு வருட ஒப்பந்தத்தில் துபாய்க்குப் போய்த் திரும்பிவரப் போகும் கொத்தனாரை அன்றாட ஆங்கிலத்தில் எமிகிரன்ட் என்று சொல்லத் தயங்குவார்கள். சட்டம் தயங்காது. சட்டத்தில் வரும் சொல்லுக்கு அந்தச் சட்டம் தரும் விளக்கமே பொருள்.

ஓர் எம்மா, இரண்டு எம்மா?

எழுத்துக்கூட்டலிலும் இந்த இரட்டை தடுமாற வைக்கும். எமிகிரேட்டில் எம் என்ற எழுத்து ஒரு முறைதான் வரும், இமிகிரேட்டில் இரு முறை வரும். காரணம் தெரிந்துகொண்டால் மறக்காது.

லத்தீன் மொழியில் 'மிக்ராரே' என்றால் இடம்பெயர்தல். 'எக்ஸ்' என்ற முன்னொட்டுக்கு வெளியே என்று பொருள், 'இன்' என்ற முன்னொட்டுக்கு உள்ளே என்று பொருள். இரண்டும் எம் எழுத்தின் முன் வரும்போது புணர்ச்சி நடக்கிறது. தமிழில் 'பல்' என்பது 'முகம்' என்பதோடு சேரும்போது 'பன்முகம்' என்று மாறுவதுபோல, லத்தீனில் 'இன்' என்பதன் கடைசி எழுத்து எம் ஆக மாறுகிறது. அதனால்தான் இமிகிரேட்டில் இரண்டு எம். 'எக்ஸ்' விஷயத்தில் எக்ஸ் என்ற கடைசி எழுத்து விழுந்து, முதல் எழுத்தான 'ஈ' மட்டும் மிஞ்சுகிறது. அதனால் எமிகிரேட்டில் ஒரே எம்.

இந்த வெளியே, உள்ளே என்ற குறிப்பு இன்னும் சில இரட்டைகளையும் விளக்கிவிடும். 'எமினென்ட்', 'இமினென்ட்' இரண்டையும் எடுத்துக்கொள்வோம். இரண்டுக்கும் அடியில் இருப்பது நீட்டிக்கொண்டு நிற்பது என்ற பொருள் தரும் லத்தீன் வேர். கூட்டத்திலிருந்து வெளியே உயர்ந்து தெரிபவர் எமினென்ட், அதாவது புகழ்பெற்றவர். தலைக்குமேல் நீட்டிக்கொண்டு, எப்போது விழுமோ என்று நிற்பது இமினென்ட், அதாவது நிகழும் தறுவாயில் இருப்பது.

"ஷி இஸ் ஆன் எமினென்ட் சர்ஜன்." அவர் புகழ்பெற்ற அறுவை மருத்துவர்.

"எ சைக்ளோன் இஸ் இமினென்ட்." புயல் எந்த நேரமும் வரலாம்.

மனிதரைப் பற்றிச் சொல்ல எமினென்ட், நடக்கப்போவதைப் பற்றிச் சொல்ல இமினென்ட் என்று நினைவில் வைத்துக்கொண்டால் பெரும்பாலும் தவறாது. இமினென்ட் என்ற சொல்லில் ஓர் அச்சமும் கலந்திருக்கும். ஆபத்து, போர், மரணம், வீழ்ச்சி ஆகியவற்றோடுதான் அது அதிகம் சேர்ந்து வரும்.

அதேபோல் 'இவோக்', 'இன்வோக்'. இரண்டும் அழைப்பது என்ற வேரிலிருந்து வந்தவை. உள்ளே உறங்கும் நினைவையோ உணர்ச்சியையோ வெளியே அழைத்து வருவது இவோக். ஒரு தெய்வத்தையோ சட்டத்தையோ அதிகாரத்தையோ துணைக்கு அழைப்பது இன்வோக்.

"தி ஸ்மெல் ஆஃப் ரெயின் இவோக்ஸ் மை சைல்ட்ஹுட்." மழை வாசனை என் சிறுவயதை நினைவுக்குக் கொண்டுவருகிறது.

"தி கவர்ன்மென்ட் இன்வோக்ட் இட்ஸ் எமர்ஜென்சி பவர்ஸ்." அரசு தன் நெருக்கடிக்கால அதிகாரங்களைப் பயன்படுத்தியது.

ஆனால் இந்தக் குறிப்பை எல்லா இடத்திலும் நம்பக் கூடாது. லத்தீன் 'இன்' என்பதற்கு உள்ளே என்ற பொருளோடு, இல்லை என்ற இன்னொரு பொருளும் உண்டு. 'எலிசிட்', 'இல்லிசிட்' இரண்டும் காதில் கிட்டத்தட்ட ஒன்றாகவே விழும். எலிசிட் என்பது வினைச்சொல். ஒருவரிடமிருந்து பதிலையோ தகவலையோ வெளியே வரவழைப்பது அதன் பொருள். இல்லிசிட் என்பதோ உள்ளே எதையும் கொண்டுபோவதில்லை. 'அனுமதி இல்லாத' என்று பொருள் தரும் பெயரடை அது. "தி லாயர் எலிசிடெட் தி ட்ரூத்" என்றால் வழக்கறிஞர் உண்மையை வரவழைத்தார். "இல்லிசிட் லிக்கர்" என்றால் கள்ளச்சாராயம். இந்த இரட்டையில் எது வினை, எது பெயரடை என்று பார்ப்பதே போதும்.

சொல்லாமல் சொன்னவரும் புரிந்துகொண்டவரும்

நிற்கும் இடத்தால் பிரியும் இன்னொரு முக்கியமான இரட்டை 'இம்ப்ளை', 'இன்ஃபர்'. இங்கே கரை என்பது நாடல்ல, உரையாடல். சொல்பவர் ஒரு பக்கம், கேட்பவர் மறுபக்கம். வெளிப்படையாகச் சொல்லாமல் குறிப்பாக உணர்த்துவது இம்ப்ளை. அதைக் கேட்டோ பார்த்தோ ஊகித்துக்கொள்வது இன்ஃபர்.

மருத்துவர் ஒரு ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு, "இதை இன்னொரு தடவை எடுத்துப் பார்த்துடலாம்" என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஏதோ சரியில்லை என்று அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பேச்சில் அது இருக்கிறது.

"தி டாக்டர் இம்ப்ளைட் தட் சம்திங் வாஸ் ராங்." ஏதோ சரியில்லை என்று மருத்துவர் குறிப்பாக உணர்த்தினார்.

"வி இன்ஃபர்ட் ஃப்ரம் ஹிஸ் வேர்ட்ஸ் தட் சம்திங் வாஸ் ராங்." ஏதோ சரியில்லை என்று அவர் பேச்சிலிருந்து நாங்கள் ஊகித்துக்கொண்டோம்.

இரண்டு வாக்கியங்களும் ஒரே நிகழ்ச்சியைச் சொன்னாலும், பொறுப்பு வேறு வேறு ஆள்மேல் விழுகிறது. முதல் வாக்கியத்தின்படி மருத்துவர் அப்படி உணர்த்த எண்ணினார். இரண்டாவதன்படி அவர் என்ன எண்ணினாரோ தெரியாது, குடும்பத்தார் அப்படி எடுத்துக்கொண்டார்கள். செய்தியிலும் வழக்காடுமன்றத்திலும் இந்த வேறுபாடு பெரியது. அமைச்சர் 'இம்ப்ளைட்' என்று எழுதினால் குறிப்பால் சொன்ன பொறுப்பு அமைச்சருடையது. நிருபர் 'இன்ஃபர்ட்' என்று எழுதினால் ஊகித்த பொறுப்பு நிருபருடையது.

சரிபார்க்க ஓர் எளிய வழி உண்டு. சிந்திக்க முடியாத பொருள் எதையும் இன்ஃபர் செய்ய முடியாது. புள்ளிவிவரங்கள் ஒன்றை உணர்த்தலாம், ஊகிக்க முடியாது. ஆகவே "தி ஃபிகர்ஸ் இம்ப்ளை" என்று எழுதலாம், "தி ஃபிகர்ஸ் இன்ஃபர்" என்று எழுதக் கூடாது. பழைய ஆங்கில எழுத்தாளர்கள் சிலர் இன்ஃபர் என்பதை உணர்த்துதல் என்ற பொருளிலும் ஆண்டிருக்கிறார்கள், அகராதிகளும் அதைப் பதிந்துள்ளன. இன்று கவனமாகத் திருத்தப்படும் எழுத்தில் அது பிழையாகவே கருதப்படும்.

வகையா, தரமா?

இனி இரண்டாவது கேள்வி. 'எகனாமிக்', 'எகனாமிக்கல்' இரண்டும் 'ஒய்கோனோமியா' என்ற கிரேக்கச் சொல்லின் வழிவந்தவை. வீட்டு நிர்வாகம் என்பது அதன் பொருள். வீட்டு நிர்வாகத்தில் முதல் குணம் சிக்கனம். அந்தப் பொருளை எகனாமிக்கல் எடுத்துக்கொண்டது. நாட்டு நிர்வாகத்தின் வரவு செலவு, உற்பத்தி, வணிகம் எல்லாம் சேர்ந்தது பொருளாதாரம். அதை எகனாமிக் எடுத்துக்கொண்டது. ஒருகாலத்தில் இரண்டு சொற்களும் ஒன்றின் இடத்தில் மற்றொன்று வந்துபோய்க்கொண்டிருந்தன. பொருள்கள் பிரிந்து நிலைக்க நாள் பிடித்தது.

பொருளாதார அறிஞர்கள் இருவரின் நூல் தலைப்புகளே இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1919-இல் கீன்ஸ் எழுதிய நூல் 'தி எகனாமிக் கான்சிக்வென்சஸ் ஆஃப் தி பீஸ்'. முதல் உலகப் போருக்குப் பின் வந்த அமைதி உடன்படிக்கையால் ஏற்படப்போகும் பொருளாதார விளைவுகளைப் பற்றியது. 1816-இல் ரிக்கார்டோ எழுதியது 'ப்ரொபோசல்ஸ் ஃபார் ஆன் எகனாமிக்கல் அண்ட் செக்யூர் கரன்சி'. எழுதியவர் பொருளாதார அறிஞர் என்பதால் இதையும் பொருளாதாரம் பற்றிய நாணயம் என்று படித்துவிடக் கூடாது. பொன் நாணயங்களைப் புழக்கத்தில் விடாமல், பொன்னின் மதிப்போடு கட்டப்பட்ட காகிதப் பணத்தைப் புழக்கத்தில் விட்டால் பொன் மிச்சமாகும் என்பது அவர் யோசனை. அந்தச் சிக்கனத்தைத்தான் எகனாமிக்கல் என்ற சொல் குறிக்கிறது.

இதற்கான சோதனை எளிது. சொல்லின் முன்னால் 'வெரி' என்று போட்டுப் பாருங்கள். "எ வெரி எகனாமிக்கல் கார்" என்று சொல்லலாம், மிகச் சிக்கனமான கார். "எ வெரி எகனாமிக் பாலிசி" என்று சொல்ல முடியாது. தமிழிலும் 'மிகச் சிக்கனமான' என்று சொல்கிறோம், 'மிகப் பொருளாதாரக் கொள்கை' என்று யாரும் சொல்வதில்லை. சிக்கனம் ஒரு தரம், அதில் கூடுதல் குறைவு உண்டு. பொருளாதாரக் கொள்கை என்பது கொள்கைகளில் ஒரு வகை. ஒரு கொள்கை அந்த வகையில் சேரும், அல்லது சேராது.

சிக்கனம் பணத்தோடு நிற்பதில்லை. நேரம், சொல், உடலசைவு என எதை வீணாக்காமல் பயன்படுத்தினாலும் எகனாமிக்கல். 1986-இல் ஆஸ்திரேலிய நீதிமன்றம் ஒன்றில் 'ஸ்பைகேட்சர்' நூல் வழக்கு நடந்தது. சாட்சி சொன்ன பிரிட்டிஷ் அமைச்சரவைச் செயலாளர் ராபர்ட் ஆம்ஸ்ட்ராங், ஒரு கடிதத்தைப் பற்றி 'எகனாமிக்கல் வித் தி ட்ரூத்' என்ற தொடரை ஆண்டார். உண்மையைச் சிக்கனமாகச் செலவிடுவது, அதாவது பொய் சொல்லாமல் உண்மையில் கொஞ்சத்தை மட்டும் சொல்வது. அந்தத் தொடர் ஆங்கிலத்தில் நிலைத்துவிட்டது. அங்கே எகனாமிக் என்று போட்டால் தொடரின் பொருளே போய்விடும்.

எகனாமிக் என்பதற்கு இன்னொரு பொருளும் இருக்கிறது. போட்ட பணத்துக்கு வருமானம் தருவது, கட்டுப்படியாவது. அதன் எதிர்ச்சொல் 'அன்எகனாமிக்'. இங்கேதான் கவனமாக இருப்பவர்களும் தடுமாறுவார்கள். ஒரு பேருந்து வழித்தடத்தை வைத்துப் பார்ப்போம். புதிய எஞ்சின் கொண்ட பேருந்து குறைந்த டீசலில் ஓடுகிறது. ஆனால் அது போகும் மலைக்கிராமத்துக்கு ஒரு நடைக்கு ஆறு பேர்தான் ஏறுகிறார்கள். டிக்கெட் வசூல் ஓட்டுநர் சம்பளத்துக்கே காணாது.

"தி பஸ் இஸ் எகனாமிக்கல், பட் தி ரூட் இஸ் அன்எகனாமிக்." பேருந்து சிக்கனமானது, ஆனால் வழித்தடம் கட்டுப்படியாகாதது.

இன்னொரு வழித்தடத்தில் பழைய பேருந்து டீசலைக் குடித்துக்கொண்டு ஓடுகிறது. ஆனாலும் கூட்டம் படிக்கட்டு வரை தொங்குவதால் லாபம் வருகிறது.

"தி பஸ் இஸ் அன்எகனாமிக்கல், பட் தி ரூட் இஸ் எகனாமிக்." பேருந்து எரிபொருளை வீணாக்குகிறது, ஆனால் வழித்தடம் கட்டுப்படியாகிறது.

செலவு குறைவா என்று கேட்டால் விடையில் எகனாமிக்கல் வரும், வருமானம் செலவை ஈடுகட்டுகிறதா என்று கேட்டால் எகனாமிக் வரும்.

இடம் மாறும் பொருள்

எகனாமிக்கலைப் பார்த்துவிட்டு, 'கல்' என்று முடியும் சொல்தான் எப்போதும் தரத்தைச் சொல்லும் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. 'ஹிஸ்டாரிக்', 'ஹிஸ்டாரிக்கல்' இரட்டையில் எல்லாம் தலைகீழ். இங்கே குறுகிய சொல்லான ஹிஸ்டாரிக்தான் தரத்தைச் சொல்கிறது: வரலாற்றில் இடம்பெறத்தக்க பெருமை உடையது. ஹிஸ்டாரிக்கல் வெறும் வகை: கடந்த காலத்தைச் சேர்ந்தது, வரலாறு தொடர்பானது.

"பொன்னியின் செல்வன் இஸ் எ ஹிஸ்டாரிக்கல் நாவல்." சோழர் காலக் கதை என்பதால் அது வரலாற்று நாவல்.

"தி மூன் லேண்டிங் ஆஃப் 1969 வாஸ் எ ஹிஸ்டாரிக் ஈவென்ட்." மனிதன் நிலவில் கால் வைத்தது வரலாற்றுச் சிறப்புமிக்க நிகழ்ச்சி.

எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் நூறாண்டுக்கு முந்தைய நிலவரிக் கணக்கு ஒன்று கிடைத்தால் அது ஹிஸ்டாரிக்கல் டாக்குமென்ட். 1949 நவம்பர் 26-இல் ஏற்கப்பட்ட இந்திய அரசியலமைப்புச் சட்டம் ஹிஸ்டாரிக் டாக்குமென்ட். பழையதெல்லாம் ஹிஸ்டாரிக் ஆகாது. நேற்று நடந்தது ஹிஸ்டாரிக் ஆகலாம்.

'கிளாசிக்', 'கிளாசிக்கல்' இரட்டையும் இதே பக்கம்தான் சாய்கிறது. தன் வகையில் முன்மாதிரியாக நிற்பது கிளாசிக். மரபாக நிலைபெற்ற பழங்கலை, பழமொழி, பழைய இலக்கியம் ஆகியவற்றின் வகை கிளாசிக்கல். 2004-இல் இந்திய அரசு தமிழுக்கு அளித்த தகுதி 'கிளாசிக்கல் லாங்வேஜ்', கிளாசிக் லாங்வேஜ் அல்ல. கர்நாடக இசை கிளாசிக்கல் மியூசிக். ஆனால் காலத்தைக் கடந்து நிற்கும் ஒரு திரைப்படத்தை கிளாசிக் என்கிறோம். கிளாசிக் என்பது நல்லதையே குறிக்க வேண்டும் என்பதும் இல்லை. "கிளாசிக் சிம்ப்டம்ஸ் ஆஃப் டெங்கு" என்றால் டெங்குவுக்கே உரிய அறிகுறிகள்.

'எலெக்ட்ரிக்', 'எலெக்ட்ரிக்கல்' இரட்டைக்கு வகை, தரம் என்ற கேள்வி உதவாது, இரண்டுமே வகைதான். மின்சாரத்தால் இயங்கும் குறிப்பிட்ட பொருளுக்கு எலெக்ட்ரிக் வரும்: எலெக்ட்ரிக் ட்ரெயின், எலெக்ட்ரிக் ஸ்கூட்டர். மின்சாரம் என்ற துறையைப் பொதுவாகச் சொல்ல எலெக்ட்ரிக்கல் வரும்: எலெக்ட்ரிக்கல் இன்ஜினியர், எலெக்ட்ரிக்கல் ஷாப். எலெக்ட்ரிக் இன்ஜினியர் என்று எழுதினால் அந்த மனிதரே மின்சாரத்தில் ஓடுகிறார் என்று ஆகிவிடும்.

வினையடையாக மாறும்போது இந்த வேறுபாடு மறைந்துவிடுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். எகனாமிக், எகனாமிக்கல் இரண்டுக்கும் 'எகனாமிக்கலி' என்ற ஒரே வினையடைதான். ஹிஸ்டாரிக், ஹிஸ்டாரிக்கல் இரண்டுக்கும் 'ஹிஸ்டாரிக்கலி'தான். "தே லிவ் எகனாமிக்கலி" என்றால் சிக்கனமாக வாழ்கிறார்கள். "தி ரீஜன் இஸ் எகனாமிக்கலி வீக்" என்றால் அந்தப் பகுதி பொருளாதாரத்தில் பின்தங்கியது. இங்கே முழு வாக்கியத்தைப் பார்த்தே பொருள் கொள்ள வேண்டும்.

ஒரு செய்தியைத் திருத்துவோம்

படித்ததை ஒரு முறை பயன்படுத்திப் பார்ப்போம். ஒரு தீவைப் பற்றி, அங்கேயே அச்சாகும் நாளிதழில் இப்படி ஒரு செய்தி வந்ததாக வைத்துக்கொள்வோம்:

"தவுசண்ட்ஸ் ஆஃப் ஒர்க்கர்ஸ் இமிகிரேட்டட் ஃப்ரம் தி ஐலண்ட் ஃபார் எகனாமிக்கல் ரீசன்ஸ். இன் ஹிஸ் ஸ்பீச், தி மினிஸ்டர் இன்ஃபர்ட் தட் எ ஹிஸ்டாரிக்கல் அக்ரிமென்ட் வாஸ் எமினென்ட்."

எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை. கணினியின் எழுத்துப்பிழைச் சோதனை எதையும் சிவப்புக் கோடிட்டுக் காட்டாது. ஆனால் ஐந்து சொற்கள் தவறு.

தீவின் நாளிதழ் தீவை விட்டுப் போனவர்களைப் பற்றிச் சொல்கிறது. எழுதுபவர் நிற்பது புறப்பட்ட கரையில். ஆகவே இமிகிரேட்டட் அல்ல, எமிகிரேட்டட்.

காரணங்கள் சிக்கனமானவை அல்ல, பொருளாதாரம் தொடர்பானவை. 'வெரி எகனாமிக்கல் ரீசன்ஸ்' என்று சொல்லிப் பார்த்தாலே சிக்கனமான காரணங்கள் என்ற பொருந்தாப் பொருள் வந்து நிற்கும். எகனாமிக் ரீசன்ஸ் என்று மாற்ற வேண்டும்.

அமைச்சர் பேசியவர், கேட்டவர் அல்ல. அவர் குறிப்பாக உணர்த்தினார். ஆகவே இம்ப்ளைட்.

உடன்படிக்கை இனிமேல்தான் கையெழுத்தாகப் போகிறது, அது கடந்த காலத்தைச் சேர்ந்ததாக இருக்க முடியாது. வரலாற்றில் நிற்கப்போகிற பெருமை அதற்கு உண்டு என்பதே செய்தி. ஆகவே ஹிஸ்டாரிக்.

கடைசியாக, உடன்படிக்கை புகழ்பெற்ற மனிதர் அல்ல, நிகழும் தறுவாயில் இருப்பது. ஆகவே இமினென்ட். இங்கே இன்னொரு திருத்தமும் நல்லது. நல்ல செய்தி ஒன்றுக்கு அச்சம் கலந்த இமினென்ட் என்ற சொல்லைவிட 'க்ளோஸ்' என்ற எளிய சொல்லே பொருத்தம்.

திருத்திய வடிவம் இது:

"தவுசண்ட்ஸ் ஆஃப் ஒர்க்கர்ஸ் எமிகிரேட்டட் ஃப்ரம் தி ஐலண்ட் ஃபார் எகனாமிக் ரீசன்ஸ். இன் ஹிஸ் ஸ்பீச், தி மினிஸ்டர் இம்ப்ளைட் தட் எ ஹிஸ்டாரிக் அக்ரிமென்ட் வாஸ் க்ளோஸ்."

இவற்றில் மூன்றாவது திருத்தத்தைச் செய்யுமுன் நிருபரைக் கேட்டுக்கொள்வது நல்லது. அமைச்சர் உண்மையில் அப்படி உணர்த்தினாரா, அல்லது நிருபர்தான் ஊகித்தாரா? ஊகித்தது நிருபர் என்றால் இம்ப்ளைட் என்று மாற்றுவதும் பிழைதான், அப்போது வாக்கியத்தின் எழுவாயையே மாற்ற வேண்டும். அகராதி இரு சொற்களின் பொருளைச் சொல்லும். அந்த இடத்தில் எது உண்மை என்பதை நடந்ததை அறிந்தவர்தான் சொல்ல முடியும்.